ஏன் என்று கேட்காமல் எப்படிக் கேட்பது: மலைச்சரிவு மண்வெட்டும் இரண்டு தகவல் மனுக்களும்

நீலகிரியில் ஒரு சிறு தேயிலைத் தோட்டம். அதற்கு நேர் மேலே வேறொருவரின் நிலம். ஒரு கோடையில் அந்த மேல்நிலத்தில் ஜேசிபி இறங்கியது. சரிவை வெட்டிச் சமதளம் ஆக்கினார்கள், ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்களும் விழுந்தன. தோட்டத்துக்காரம்மாவுக்குக் கவலை வந்ததில் வியப்பில்லை. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மலையில் மண் அள்ளும் இயந்திரம் வைக்க மாவட்ட நிர்வாகத்தின் முன்அனுமதி வேண்டும், பட்டா நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதும் ஊரில் பலருக்குத் தெரியும். இந்த நிலத்துக்கு அந்த அனுமதிகள் இருந்தனவா என்பதுதான் தெரியவில்லை.

வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அம்மா என்னிடம் வந்தபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முதல் மனு ஏற்கனவே போய், பதிலும் வந்திருந்தது. ஊரின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே தரவில்லை. கடிதத்தின் சொற்கள்தான் நமக்கு முக்கியம்.

முதல் மனு இரண்டு பக்கம். முதல் ஒன்றரைப் பக்கமும் மழை, பயம், அதிகாரிகளின் மெத்தனம் ஆகியவை பற்றியது. அதன்பிறகு ஐந்து கேள்விகள். அந்தச் சரிவில் மண் வெட்ட ஏன் அனுமதி கொடுத்தீர்கள்? நாளை மண் சரிந்தால் யார் பொறுப்பு? நீலகிரி முழுவதும் இதுவரை நடந்த சட்டவிரோத மண்வெட்டுகள் எத்தனை, ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கை என்ன? நில உரிமையாளர் பற்றிய முழு விவரம் தரவும். வெட்டிய மரங்களுக்கு அனுமதி உண்டா, இல்லையா? கீழே ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று போட்டு ஐந்து பேர் கையெழுத்து.

பதில் ஒரே பக்கம். முதல் இரண்டு கேள்விகளும் சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் சொல்லப்படும் தகவல் அல்ல. மூன்றாவது, தொகுக்கப்பட்ட வடிவில் பராமரிக்கப்படவில்லை, எனவே 7(9)-இன்படி வழங்க இயலாது. நான்காவது, 8(1)(ஜே)-இன்படி தனிநபர் தகவல். ஐந்தாவது, இவ்வலுவலகம் தொடர்பானது அல்ல. கடைசியாக ஒரு வரி: தனிநபராக, இந்தியக் குடிமகன் என்ற முறையில் விண்ணப்பிக்கவும்.

“ஒண்ணுக்குக்கூட பதில் இல்லையே அண்ணா, எல்லாத்தையும் மறைக்கிறாங்க” என்றார் அவர். நான் பதிலை இரண்டு முறை படித்தேன். மறைப்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் அடுத்த கடிதத்தை எழுதவே முடியாது.

நியாயமானவற்றை முதலில் பார்ப்போம். தகவல் என்றால் ஏற்கனவே ஏதோ ஒரு வடிவில் அலுவலகத்தில் இருப்பது: பதிவேடு, கடிதம், ஆணை, அறிக்கை, கருத்துரை, ஒப்பந்தம், மாதிரி. இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கியோ, காரணம் யோசித்துச் சொல்லியோ தரவேண்டிய கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 2011-இல் சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘ஏன் கொடுத்தீர்கள்’ என்ற கேள்விக்கு விடை எந்தத் தாளிலும் அந்த வடிவில் இருக்காது. ‘யார் பொறுப்பு’ என்பது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய சட்டக் கருத்து. மாவட்டம் முழுமைக்குமான எண்ணிக்கையும் அப்படித்தான். பல அலுவலகக் கோப்புகளைத் திறந்து, எது சட்டவிரோதம் என்று ஒருவர் முடிவெடுத்து, அப்புறம் எண்ணிச் சொல்ல வேண்டிய வேலை அது. கையெழுத்து பற்றிய வரியும் சரியே. சட்டத்தின் மூன்றாம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று எழுதினால் திருப்பி அனுப்ப ஒரு காரணத்தை நாமே கையில் கொடுக்கிறோம்.

இனி தவறானவை. 7(9) என்பது மறுப்பதற்கான பிரிவே அல்ல. கேட்ட வடிவில் தருவது அலுவலகத்தின் ஆட்களையும் நேரத்தையும் அளவுக்கு மீறி இழுக்கும் என்றால் வேறு வடிவில் தரலாம் என்பதே அதன் பொருள். நகல் எடுக்க முடியாத அளவுக்குத் தாள்கள் இருந்தால், வந்து பாருங்கள் என்று அழைக்க வேண்டும். ஐந்தாவது கேள்விக்குத் தந்த பதிலும் பிழை. வேறு அலுவலகத்திடம் உள்ள தகவல் என்றால், 6(3)-இன்படி மனுவை ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பிவிட்டு விண்ணப்பதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். கைகழுவக் கூடாது.

இதற்காக மேல்முறையீட்டுக்குப் போயிருக்கலாம். நான் வேண்டாம் என்றேன். ஜெயித்தாலும் கிடைக்கப்போவது அந்த மோசமான கேள்விகளுக்கான பதில்தான். சென்னையில் உள்ள தகவல் ஆணையம் வரை போனால் மாதக்கணக்கில் ஆகும், மேலே ஜேசிபி ஓடிக்கொண்டிருக்கும். புது மனுவுக்குச் செலவு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் தபால் செலவும்தான்.

சரி, எதைக் கேட்பது? அலுவலகத்துக்குள் ஒரு தாள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இது எளிது. “ஏம்மா, இதைப் பத்தி கலெக்டர் ஆபீஸ்ல எப்பவாவது மனு கொடுத்தீங்களா?” என்று கேட்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்திருந்தார். மனு எண்ணுடன் ரசீதும் வைத்திருந்தார். அதுதான் பிடி.

அந்த மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கோட்டாட்சியருக்குப் போயிருக்கும். அங்கே ஒரு பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில், அதாவது அவரிடம் வந்து போகும் தாள்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், பதிவாகி, கோப்புக்கு ந.க. எண் விழுந்திருக்கும். அங்கிருந்து வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர். நிலத்தை நேரில் பார்த்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எழுதியிருப்பார், அது அதே படிகளில் மேலேறி வந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு தாள், ஒரு தேதி, ஒரு கையெழுத்து. கோப்பின் ஒரு பக்கம் இந்தக் கடிதப் போக்குவரத்து. மறுபக்கம் குறிப்புப் பகுதி. ‘அறிக்கை வரப்பெற்றது, இன்ன நடவடிக்கை எடுக்கலாம், ஆணைக்காக’ என்று எழுத்தர் எழுதுவதும், அதன் கீழே அதிகாரி எழுதுவதும் அங்கேதான். ‘ஏன்’ என்ற கேள்விக்கான விடை உட்கார்ந்திருக்கும் இடம் இந்தக் குறிப்புப் பகுதி. அதை விடையாகக் கேட்டால் கிடைக்காது, தாளாகக் கேட்டால் கிடைக்கும். 2(எஃப்) பிரிவிலேயே கருத்துகளும் ஆலோசனைகளும் ஆவணங்களோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. அவருடைய சொந்த மனுவின் மீதான கோப்பு என்பதால், ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று மொத்தமாக மூடிவிடுவது கடினம். மேல்நிலத்துக்காரர் யார் என்று தனியாகக் கேட்க வேண்டியதே இல்லை. அறிக்கையில் புல எண்ணும் நிலத்தின் நிலைமையும் தானாகவே வரும். தகவலை மறுக்க இடம் தரும் எட்டாம் பிரிவின் தனிநபர் தகவல் உட்பிரிவை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரிகளில் சுருக்கி, மறுப்பதை எளிதாக்கிவிட்டது. பொதுப்பணியோடு தொடர்புண்டா, அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைவதாகுமா என்றெல்லாம் பார்க்கச் சொன்ன பழைய வரிகள் அதில் நீக்கப்பட்டன. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே ‘உரிமையாளர் பற்றிய முழு விவரம்’ போன்ற சொற்றொடர் இனிமேல் மனுவில் இருக்கவே கூடாது.

இரண்டாவது கடிதம் இதுதான். அடையாளம் தெரியும் எண்களை மட்டும் புள்ளிகளாக விட்டிருக்கிறேன்.

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி)
பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், …
பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஆவணங்களின் சான்றிட்ட நகல் கோருதல்.

நான் இந்தியக் குடிமகள். கீழ்க்காணும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்களைக் கோருகிறேன்.

1. மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் … தேதியில் நான் அளித்த மனு (எண் …) தங்கள் அலுவலகத் தன்பதிவேட்டில் பதியப்பட்ட பக்கத்தின் நகல்.

2. மேற்படி மனு மீதான கோப்பின் கடிதப் பகுதி, குறிப்புப் பகுதி ஆகிய இரண்டிலும், மனு பெறப்பட்ட நாள் முதல் இவ்விண்ணப்பம் பெறப்படும் நாள் வரை உள்ள தாள்களின் நகல். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் புலத்தணிக்கை அறிக்கைகளும் இணைப்புப் புகைப்படங்களும் இதில் அடங்கும்.

3. … கிராமம், புல எண் …-இல் மண் அள்ளும் இயந்திரம் பயன்படுத்துவதற்கு … தேதி முதல் … தேதி வரை வழங்கப்பட்ட அனுமதி ஆணை, அதன் நிபந்தனைகள், இணைப்பு வரைபடம் ஆகியவற்றின் நகல்.

4. மேற்படி காலத்தில், மேற்படி கிராமத்துக்கு மண் அள்ளும் இயந்திர அனுமதி கோரி வந்த விண்ணப்பங்கள் பதியப்பட்ட பதிவேட்டைப் பிரிவு 2(ஜே)-இன்படி நேரில் பார்வையிட அனுமதி.

மேற்கண்டவற்றில் எந்த ஆவணமேனும் தங்கள் அலுவலகப் பதிவில் இல்லையெனில், அவ்வாறே வரிசை எண் வாரியாகத் தெரிவிக்கக் கோருகிறேன். வேறு அலுவலகத்தில் இருப்பின் பிரிவு 6(3)-இன்படி அனுப்பிவைக்கவும். ஆதார் எண், தொலைபேசி எண், வங்கி விவரம் ஆகியவற்றைப் பிரிவு 10-இன்படி மறைத்து எஞ்சியதை வழங்கலாம். விண்ணப்பக் கட்டணமாக ரூ.10-க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது. நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.

கடிதம் இவ்வளவுதான். “ஏன் கேக்கிறோம்னு ஒரு வரி போட வேண்டாமா அண்ணா?” என்றார். வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காரணம் சொல்லியாக வேண்டும் என்றது. 6(2) கவனத்துக்கு வந்ததும் அந்தப் பகுதியை நீதிமன்றம் சில நாட்களிலேயே தானே நீக்கிக்கொண்டது. நாமாகக் காரணம் எழுதினால் மனு புகாராக மாறும், புகாருக்குப் பதில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று வரும்.

கடிதத்தில் மூன்றாவதாகக் கேட்ட இனத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘அனுமதி உண்டா’ என்று கேட்டால் அது கேள்வி. ‘அனுமதி ஆணையின் நகல்’ என்றால் ஆவணம். ஆனால் அப்படி ஓர் ஆணையே இல்லாமலும் இருக்கலாம். அதற்குத்தான் ‘இல்லையெனில் அவ்வாறே தெரிவிக்கவும்’ என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் அலுவலகம் மூன்றாம் இனத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் மற்றவற்றை மட்டும் அனுப்பிவிடும். நமக்கோ, ஆணை இல்லை என்ற எழுத்துபூர்வமான பதில், ஆணையின் நகலைவிடப் பெரிய ஆவணம். நான்காம் இனம் அதற்குக் காவல். பதிவேட்டை நேரில் புரட்டும்போது அந்தப் புல எண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை என்றால், ‘கோப்பு தேடப்படுகிறது’ என்ற பேச்சு எடுபடாது. பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை, ஒரு கிராமத்துக்கான பதிவுகளைப் பார்க்க அது தாராளம்.

காலவரம்பையும் கவனியுங்கள். ‘இதுவரை’ என்று போட்டால் எதுவரை என்ற சந்தேகம் வரும். ‘விண்ணப்பம் பெறப்படும் நாள் வரை’ என்றால், மனு போய்ச் சேர்ந்த பிறகு அவசரமாக எழுதிச் சேர்க்கும் தாளும் எந்தத் தேதியைத் தாங்கி வருகிறது என்று தெரிந்துவிடும். தன்பதிவேட்டுப் பக்கத்தை முதலில் கேட்டதும் இதற்காகவே. கோப்பிலிருந்து ஒரு தாள் உருவப்பட்டிருந்தால், அது வந்ததும் போனதும் தன்பதிவேட்டில் நிற்கும்.

மரங்களை இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை. மாவட்ட வன அலுவலகத்துக்குத் தனி மனு, தனிக் கட்டணம். 6(3) இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் போட்டால், மனு நாலு துண்டாகி நாலு இடத்துக்குப் போகும், எதற்கும் முப்பது நாள் கணக்கைச் சரியாக வைக்க முடியாது. வனத்துறை மனுவில் கேட்டது இரண்டு தாள்தான்: அந்தப் புல எண்ணுக்கான மரம் வெட்டும் அனுமதி ஆணை, அதற்காக எடுத்த மரக் கணக்கெடுப்புப் பட்டியல். மேலே ஏதாவது கட்டடம் எழும்புமானால், வரைபட அனுமதிக்காக உள்ளாட்சி அமைப்புக்கு இன்னொரு மனு போட வேண்டியிருக்கும். அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை.

இரண்டையும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். போய்ச் சேர்ந்த தேதியைத் தபால் துறை இணையதளம் காட்டிய பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டோம். முப்பது நாள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்து ஓடும், நாம் தபாலில் போட்ட தேதியிலிருந்து அல்ல.

கெடு முடியும் தறுவாயில் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: 27 பக்கம், பக்கத்துக்கு ரூ.2 வீதம் ரூ.54 செலுத்தவும். இப்படிக் கட்டணம் கேட்ட நாளுக்கும் நாம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் முப்பது நாளில் சேராது, அதனால் மறுநாளே கட்டச் சொன்னேன். முப்பது நாள் தாண்டிய பிறகு கேட்டிருந்தால் கட்ட வேண்டியதே இல்லை, 7(6)-இன்படி இலவசம். பலர் இதைத் தெரியாமல் கட்டிவிடுகிறார்கள்.

நகல்கள் வந்தன. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை நேர்மையாகவே இருந்தது: சரிவு வெட்டப்பட்டுள்ளது, இயந்திரம் பயன்படுத்தப்பட்டுள்ளது, கேட்டபோது அனுமதி ஆணை எதுவும் காட்டப்படவில்லை. மூன்றாம் இனத்துக்கு ‘இவ்வலுவலகப் பதிவில் இல்லை’ என்று ஒரே வரி. அந்த அம்மாவுக்கு அது ஏமாற்றமாகத் தெரிந்தது, நான் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். பதிவேட்டைப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். போய்ப் பார்த்தார், அந்தப் புல எண் அதில் இல்லை. பார்த்த தேதியையும் நேரத்தையும், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை பார்த்தார் என்பதையும் அங்கேயே ஒரு தாளில் எழுதி, அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டார்.

குறிப்புப் பகுதி மட்டும் வரவில்லை. ‘அலுவலக உள் குறிப்புகள் வழங்க இயலாது’ என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பிரிவு என்று இல்லை, யாரிடம் மேல்முறையீடு செய்வது என்றும் இல்லை. மறுத்தால் காரணம், மேல்முறையீட்டுக் கெடு, மேல்முறையீட்டு அலுவலர் விவரம் மூன்றையும் சொல்ல வேண்டும் என்பது 7(8). முப்பது நாளுக்குள் 19(1)-இன்படி முதல் மேல்முறையீடு போட்டோம், அதற்குக் கட்டணம் கிடையாது. அதிலும் கோபத்தை எழுதவில்லை. மூன்று வாக்கியம்: இனம் 2-இல் குறிப்புப் பகுதி கோரப்பட்டது, எட்டாம் பிரிவின் எந்தக் கூறும் காட்டப்படாமல் மறுக்கப்பட்டுள்ளது, 2(எஃப்) கருத்துரைகளையும் உள்ளடக்குவதால் வழங்க ஆணையிடக் கோருகிறேன். மேல்முறையீட்டு அலுவலர் முப்பது நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் 45 நாளில் முடிவெடுக்க வேண்டும். விசாரணைக்குக்கூட அழைக்காமலே ஆணை வந்தது, தாள்களும் வந்தன.

அந்தக் குறிப்பில் எழுத்தர், பணியை நிறுத்த வட்டாட்சியருக்கு உத்தரவிடலாம் என்று எழுதி மேலே வைத்திருக்கிறார். அதன்கீழே ‘பேசவும்’ என்று ஒரு சொல், ஒரு சுருக்கொப்பம். அதற்கப்புறம் எதுவும் இல்லை. யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை, அதை எந்தத் தகவல் மனுவாலும் வாங்க முடியாது.

வனத்துறையின் பதில் வேறு மாதிரி வந்தது. மரங்களுக்கு அனுமதி ஆணை இருந்தது. கணக்கெடுப்புப் பட்டியலில் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும் சுற்றளவும் இருந்தன. அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தபோது பட்டியலைவிட ஒன்றுகூட அதிகமில்லை. அந்தப் புகாரை அவர் அத்தோடு விட்டுவிட்டார், விட்டதும் சரி.

தகவல் மனு ஜேசிபியை நிறுத்தாது. நிறுத்தக் கோரி ஆட்சியருக்கு இன்னொரு மனு தனியாகப் போனது. அதில் புதுக் குற்றச்சாட்டு எதையும் எழுதாமல், அறிக்கையின் நகல், ‘பதிவில் இல்லை’ என்ற பதில், குறிப்புப் பகுதி மூன்றையும் மட்டும் இணைத்தோம். இந்த முறை வட்டாட்சியர் வந்து இயந்திரத்தை வெளியே எடுக்கச் செய்தார். வெட்டிய சரிவுக்குத் தடுப்புச் சுவர் யார் கட்டுவது என்பதுதான் இன்னும் தீரவில்லை. அதற்கு அவர் வக்கீலைப் பார்க்கப் போனபோது, வக்கீல் முதலில் கேட்டது தாள்களில் ‘உண்மை நகல்’ முத்திரை இருக்கிறதா என்று. குறிப்புப் பகுதித் தாள்கள் சிலவற்றில் இல்லை. சான்றிட்ட நகல் என்று மனுவிலேயே எழுதியிருந்ததால், அலுவலகத்துக்குத் திரும்பப் போய், புது மனு இல்லாமலே முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வந்தார்.